ஒரு நூற்றாண்டுக்கு எத்தனை நாள்?

முன்னாள் பிரதமர் மொரார்ஜி தேசாய் 1896 பிப்ரவரி 29 அன்று குஜராத்தின் பதேலி கிராமத்தில் பிறந்தார். பிப்ரவரி 29-இல் பிறந்தவர்களுக்கு நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் பிறந்தநாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் அவருடைய முதல் பிறந்தநாள் நான்கு வயதில், 1900-இல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரி 28-க்கு மறுநாள் மார்ச் 1 பிறந்துவிட்டது. அவருடைய தேதி காலண்டரில் முதன்முறையாகத் திரும்பி வந்தது 1904-இல், அவருக்கு எட்டு வயது நிறைந்தபோது. 1995 ஏப்ரல் 10 அன்று, நூறு வயதை எட்டச் சில மாதங்களே இருக்கும்போது அவர் காலமானார். 1904 முதல் 1992 வரை எண்ணினால், அந்த நீண்ட வாழ்வில் பிப்ரவரி 29 அவருக்கு 23 முறை வந்திருக்கிறது. நான்கால் வகுத்துப் பார்த்தால் 24 என்று வரும். அந்த ஒன்று 1900-இல் காணாமல் போனது.

1900 நான்கால் மீதியில்லாமல் வகுபடும் எண்தான். இருந்தும் அது லீப் ஆண்டு அல்ல. 2000-மும் நான்கால் வகுபடும். அது லீப் ஆண்டு. 2100-மும் வகுபடும், ஆனால் அது லீப் ஆண்டாக இருக்காது. இந்த மூன்று ஆண்டுகளுக்கும் உள்ள வேறுபாட்டினால்தான் எல்லா நூற்றாண்டுகளும் ஒரே நீளத்தில் இல்லை. சிலவற்றில் 36,525 நாட்கள், சிலவற்றில் 36,524. நம் வீட்டில் இன்று இருக்கும் பெரியவர்கள் நூறு வயது வாழ்ந்தாலும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் நூறு வயது வாழ்ந்தாலும், அந்த நூறு வயது இருவருக்கும் ஒரே எண்ணிக்கையாக இருக்காது. ஏன் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சூரியன் கேட்கும் கணக்கு

பருவங்கள் ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்துக்கு வர 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 45 விநாடி ஆகிறது. மார்ச் மாதத்தில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளிலிருந்து அடுத்த ஆண்டு அதே நிலைக்கு வரும் காலம் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். காலண்டரில் முழு நாட்களைத்தான் அச்சிட முடியும். ஐந்தே முக்கால் மணிக்கும் சற்று அதிகமான அந்த மிச்ச நேரத்தை என்ன செய்வது என்பதே லீப் ஆண்டு விதிகள் அனைத்துக்கும் அடிப்படைக் கேள்வி.

அந்த மிச்சத்தை நூறு ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பார்ப்போம். 5 மணி 48 நிமிடம் 45 விநாடியை நூறால் பெருக்கினால் 581 மணி 15 நிமிடம். அதை நாளாக்கினால் 24 நாள், 5 மணி, 15 நிமிடம். அதாவது, ஒரு நூற்றாண்டுக்குக் காலண்டர் கூடுதலாகச் சேர்க்க வேண்டியது 24 நாளும், கிட்டத்தட்ட கால் நாளும்.

இந்த ஒரு விடையைக் கையில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகிவிடும். ஒரு நூற்றாண்டில் 25 லீப் நாட்கள் வைத்தால் 18 மணி 45 நிமிடம் அதிகம் கொடுத்துவிடுகிறோம். 24 மட்டும் வைத்தால் 5 மணி 15 நிமிடம் குறைவாகக் கொடுக்கிறோம். எந்த நூற்றாண்டையும் தனியாக வைத்துச் சரிசெய்ய வழியில்லை. ஒன்றில் குறைத்து, இன்னொன்றில் கூட்டி, பல நூற்றாண்டுகளைச் சேர்த்துத்தான் சமன் செய்ய முடியும்.

ரோம் நகரில் ஜூலியஸ் சீசர் கி.மு. 45-இல் கொண்டுவந்த காலண்டரில் நான்கு ஆண்டுக்கு ஒரு லீப் நாள் என்ற ஒரே விதிதான். நினைவில் வைத்துக்கொள்ள எளிது. எந்த நூற்றாண்டை எடுத்தாலும் 36,525 நாட்கள். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் சூரியனைவிட 11 நிமிடம் 15 விநாடி நீண்ட ஆண்டு அது. ஒரு மனிதரின் ஆயுளில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சேரச் சேர, காலண்டர் பின்தங்கி, பருவங்கள் காலண்டர் தேதிக்கு முன்னாலேயே வரத் தொடங்கின.

கிறிஸ்தவத் திருச்சபைக்கு இது பெரிய சிக்கல். ஈஸ்டர் திருநாளை மார்ச் மாதச் சமபகலிரவு நாளை வைத்துத்தான் கணிக்கிறார்கள். கி.பி. 325-இல் நைசியா சங்கம் கூடிய காலத்தில் அந்த நாள் மார்ச் 21-ஐ ஒட்டி இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் அது மார்ச் 11-க்கு வந்துவிட்டது. 325-லிருந்து 1582 வரை 1,257 ஆண்டுகள்; ஆண்டுக்கு 11 நிமிடம் 15 விநாடி என்று பெருக்கினால் ஏறக்குறைய பத்து நாள் வரும். கணக்கும் வானமும் ஒன்றையே சொன்னன.

இத்தாலிய மருத்துவரான அலோசியஸ் லிலியஸ் வகுத்த திட்டத்தை, ஜெர்மனியிலிருந்து வந்த கணித அறிஞர் கிறிஸ்டோபர் கிளாவியஸ் ஆராய்ந்து விளக்கினார். போப் பதின்மூன்றாம் கிரகோரி 1582-இல் அதை ஆணையாக வெளியிட்டார். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பத்து நாட்களைக் களைய, 1582 அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி என்று அறிவித்தார்கள். கிழமைகளின் வரிசை அறவில்லை; தேதிகள் மட்டும் தாவின.

இனி அதே பிழை சேராமல் இருக்க ஒரு திருத்தமும் வேண்டும். முந்தைய கணக்கைப் பாருங்கள். நூற்றாண்டுக்கு 18 மணி 45 நிமிடம் அதிகம் என்றால், நான்கு நூற்றாண்டுக்கு 75 மணி, அதாவது 3 நாள் 3 மணி. ஆகவே 400 ஆண்டுகளில் மூன்று லீப் நாட்களை எடுத்துவிட்டால் போதும். எவற்றை எடுப்பது? எளிதில் அடையாளம் காணக்கூடிய நூற்றாண்டு ஆண்டுகளை, அதாவது இரண்டு பூஜ்யத்தில் முடியும் ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கில் மூன்றை விட்டுவிட்டு, 400-ஆல் வகுபடுவதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதனால் 1700, 1800, 1900 லீப் ஆண்டுகள் அல்ல. 1600-உம் 2000-மும் லீப் ஆண்டுகள்.

இன்று உலகம் பயன்படுத்தும் விதி மூன்று படிகளில் முடிந்துவிடுகிறது. நான்கால் வகுபட்டால் லீப் ஆண்டு. அதே எண் நூறாலும் வகுபட்டால் லீப் ஆண்டு அல்ல. அது 400-ஆலும் வகுபட்டால் மீண்டும் லீப் ஆண்டு.

இரண்டு நீள நூற்றாண்டுகள்

இப்போது நூற்றாண்டுகளை எண்ணுவோம். 1801 முதல் 1900 வரையிலான 19-ஆம் நூற்றாண்டில் லீப் ஆண்டுகள் 1804 தொடங்கி 1896 வரை 24. மொத்தம் 36,524 நாட்கள். 1901 முதல் 2000 வரையிலான 20-ஆம் நூற்றாண்டில் 1904 தொடங்கி 2000 வரை 25. மொத்தம் 36,525. நாம் வாழும் 21-ஆம் நூற்றாண்டு 2100 டிசம்பர் 31-இல் முடியும்போது அதில் மறுபடி 24 லீப் நாட்களே இருக்கும், 36,524 நாட்கள். 22, 23-ஆம் நூற்றாண்டுகளும் அப்படியே. 2400 லீப் ஆண்டு என்பதால், 2301 முதல் 2400 வரையிலான 24-ஆம் நூற்றாண்டு மீண்டும் 36,525-ஐத் தொடும்.

நான்கு நூற்றாண்டுகளைச் சேர்த்தால் 1,46,097 நாட்கள். மூன்று நூற்றாண்டுகளில் தலா 5 மணி 15 நிமிடம் குறைவாகக் கொடுக்கிறோம். நான்காவதில் 18 மணி 45 நிமிடம் அதிகம் கொடுக்கிறோம். கழித்தால் 3 மணி நேரம் மட்டும் மிஞ்சும். அது ஒரு நாளாகச் சேர 3,200 ஆண்டுகள் ஆகும். லிலியஸின் திட்டம் எவ்வளவு நெருங்கி வந்திருக்கிறது என்பதற்கு இந்த மூன்று மணி நேரமே சான்று.

நூற்றாண்டை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தும் விடை மாறும். '1900 முதல் 1999 வரை' என்று எண்ணினால் 36,524 நாட்கள். அதையே ஓராண்டு தள்ளி '1901 முதல் 2000 வரை' என்று எண்ணினால் 36,525. இரண்டும் நூறு ஆண்டுகள்தான். லீப் ஆண்டு அல்லாத 1900 வெளியே போய், லீப் ஆண்டான 2000 உள்ளே வந்ததுதான் அந்த ஒரு நாள்.

இதையே மனித வயதில் வைத்துப் பார்க்கலாம். 1950 ஆகஸ்ட் 15-இல் பிறந்த ஒருவர் 2050 ஆகஸ்ட் 15 வரை வாழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நூறு ஆண்டுகளில் வரும் லீப் நாட்கள் 1952 முதல் 2048 வரை 25. ஆக, 36,525 நாட்கள். 2010 ஆகஸ்ட் 15-இல் பிறந்த குழந்தை 2110 ஆகஸ்ட் 15-இல் நூறை எட்டும்போது, அதன் கணக்கில் 2012 முதல் 2096 வரை 22, பிறகு 2104, 2108 என்று இரண்டு, மொத்தம் 24 லீப் நாட்கள்தான் இருக்கும். ஆக, 36,524 நாட்கள். பேரப்பிள்ளை தாத்தாவைவிட ஒரு நாள் முன்னதாகவே நூறு வயதை அடைந்துவிடும்.

எல்லைக் கோட்டைச் சரியாகவே சொல்லலாம். 1900 மார்ச் 1-க்கும் 2000 பிப்ரவரி 28-க்கும் இடையில் பிறந்த எல்லோருக்கும் நூறு வயது என்பது 36,525 நாட்கள். 2000 மார்ச் 1-இல் பிறந்தவரிலிருந்து அது 36,524 ஆகிவிடுகிறது. அவர்களுடைய நூறு ஆண்டுகளுக்குள் 2100-இன் பிப்ரவரி வந்துவிடுவதுதான் காரணம். ஆயிரம் பிறைகளைக் கண்டவருக்கு எண்பது வயதைத் தாண்டும்போது சதாபிஷேகம் செய்யும் நம் ஊரில், நூறு வயது எத்தனை நாள் என்ற கேள்விக்கு இனி இரண்டு விடைகளைச் சொல்ல வேண்டியிருக்கும்.

எந்த இரண்டு ஆண்டுகளுக்கு நடுவிலும் லீப் நாட்களை எண்ண ஓர் எளிய வழி உண்டு. கடைசி ஆண்டை நான்கால், நூறால், நானூறால் தனித்தனியே வகுத்து, மீதியை விட்டு ஈவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஈவிலிருந்து இரண்டாவதைக் கழித்து மூன்றாவதைக் கூட்டுங்கள். 2100-க்கு 525, 21, 5, விடை 509. 2000-க்கு 500, 20, 5, விடை 485. இரண்டையும் கழித்தால் 24. அதுவே 2001-இன் தொடக்கத்திலிருந்து 2100-இன் முடிவுவரை உள்ள லீப் நாட்கள். 36,500-உடன் கூட்டினால் நூற்றாண்டின் நீளம் வந்துவிடும்.

கிழமையே சாட்சி

இந்தக் கணக்கு சரியா என்று சோதிக்கக் கிழமையைவிட நல்ல கருவி இல்லை. 36,524-ஐ ஏழால் வகுத்தால் மீதி 5. 36,525-ஐ வகுத்தால் மீதி 6. 1900 ஜனவரி 1 திங்கட்கிழமை. 1900 முதல் 1999 வரை 36,524 நாட்கள் என்பதால், ஐந்து கிழமைகள் தள்ளி 2000 ஜனவரி 1 சனிக்கிழமையாக வர வேண்டும். அன்று சனிக்கிழமைதான். 2000 முதல் 2099 வரை 36,525 நாட்கள். ஆறு கிழமைகள் தள்ளினால் 2100 ஜனவரி 1 வெள்ளிக்கிழமை. 2200-இல் புதன், 2300-இல் திங்கள், 2400-இல் மறுபடி சனி.

அத்துடன் சுற்று முடிந்துவிடுகிறது. 1,46,097 நாட்கள் என்பது மீதியே இல்லாமல் 20,871 வாரங்கள். அதனால் 400 ஆண்டுகளுக்கு ஒருமுறை காலண்டர் தேதியும் கிழமையும் பிசகாமல் தன்னையே திருப்பிச் சொல்கிறது. 2000-இல் வாங்கிய தினசரிக் காலண்டரை 2400-இல் மாட்டினால் ஒரு தேதிக்குக்கூடக் கிழமை மாறாது. இதன் விளைவாக, நூற்றாண்டு ஆண்டுகளின் ஜனவரி முதல் தேதி சனி, வெள்ளி, புதன், திங்கள் ஆகிய நான்கு கிழமைகளில் மட்டுமே வரும். இந்த விதி இருக்கும் வரை அது ஞாயிறு, செவ்வாய், வியாழன் ஆகிய கிழமைகளில் வரவே வராது.

கணினிக்குள் இன்னும் இருக்கும் இல்லாத நாள்

1900-இன் பிப்ரவரி 29 வானத்திலும் காலண்டரிலும் இல்லை. ஆனால் அலுவலகங்களில் நாள்தோறும் திறக்கப்படும் எக்செலில் இருக்கிறது. எக்செல் ஒவ்வொரு தேதியையும் ஒரு வரிசை எண்ணாகத்தான் சேமித்து வைக்கிறது. வழக்கமான அமைப்பில் 1900 ஜனவரி 1 என்பது எண் 1. ஒரு கட்டத்தில் 60 என்று தட்டி, அதைத் தேதி வடிவுக்கு மாற்றிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அதே 60-ஐ கூகுள் ஷீட்ஸில் தட்டினால் பிப்ரவரி 28 என்று வரும்.

இது எக்செலில் தொடங்கிய பிழை அல்ல. அதற்கு முன் கணக்குத் தாள்களில் கோலோச்சிய லோட்டஸ் 1-2-3 மென்பொருள் 1900-ஐ லீப் ஆண்டாகவே எடுத்துக்கொண்டது. லோட்டஸில் போட்ட கணக்குகள் தன்னிடமும் மாறாமல் திறக்க வேண்டும் என்பதற்காக எக்செல் அதை அப்படியே வைத்துக்கொண்டது. பிறகு திருத்த முயன்றால் உலகெங்கும் சேமித்து வைத்த கோப்புகளில் தேதிகள் ஒரு நாள் நகர்ந்துவிடும் என்பதால் இன்றுவரை விட்டுவைத்திருக்கிறார்கள். இதன் பலனை ஒரே வரியில் பார்க்கலாம்:

```
=DATE(2000,1,1)-DATE(1900,1,1)
```

எக்செல் 36525 என்று விடை தரும். அதையே பைத்தானில் கேட்டால்:

```
from datetime import date
print((date(2000,1,1) - date(1900,1,1)).days)
```

சரியான விடையான 36524 வரும். 1900 ஜனவரி 1 என்ன கிழமை என்று எக்செலைக் கேட்டால், திங்களுக்குப் பதில் ஞாயிறு என்று சொல்லும். இல்லாத ஒரு நாளை நடுவில் நுழைத்ததால், அதற்கு முந்தைய இரண்டு மாதங்களின் கிழமைகளும் ஒன்று பின்னால் போய்விட்டன. நூற்றாண்டு ஆண்டுகளின் ஜனவரி 1 ஞாயிற்றுக்கிழமையில் வராது என்று சற்று முன் பார்த்தோம் அல்லவா? அந்த ஒரு விதியே இந்தப் பிழையைப் பிடித்துக் கொடுத்துவிடும். நல்லவேளையாக, 1900 மார்ச் 1-லிருந்து எக்செலின் கிழமைகள் சரி. பழைய பிறப்புப் பதிவுகளையும் நிலப் பத்திரங்களையும் எக்செலில் ஏற்றுபவர்கள் 1900-இன் முதல் இரு மாதங்களில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்.

நிரல் எழுதுவோரிடம் இதைவிடப் பரவலாகக் காணப்படுவது, நான்கால் வகுபடுகிறதா என்று மட்டும் சோதிக்கும் நிரல். அது பிழை என்று கண்டுபிடிப்பது கடினம். 1901-லிருந்து 2099 வரை எந்த ஆண்டைக் கொடுத்தாலும் அது சரியான விடையைத்தான் தரும். 2000-ஆம் ஆண்டில் முதல் விதியை மட்டும் தெரிந்தவருக்கும் சரியான விடை கிடைத்தது. மூன்று விதிகளையும் தெரிந்தவருக்கும் கிடைத்தது. நூறால் வகுபட்டால் லீப் ஆண்டு அல்ல என்ற இரண்டாம் விதியோடு நிறுத்திக்கொண்டவர் மட்டுமே தவறினார். முழு விதியும் ஒரே வரிதான்:

```
leap = (y % 4 == 0 and y % 100 != 0) or y % 400 == 0
```

இதை எழுதியவர் 1900, 2000, 2100 ஆகிய மூன்றையும் கொடுத்துச் சோதித்தாலே போதும். 'இல்லை, ஆம், இல்லை' என்று வந்தால் நிரல் சரி.

சென்னையின் குறுகிய நூற்றாண்டு

போப் அறிவித்த திருத்தத்தைக் கத்தோலிக்க நாடுகள் விரைவில் ஏற்றன. பிரான்ஸ் 1582-இலேயே மாறியது. புராட்டஸ்டண்ட் நாடான பிரிட்டன் 1752 வரை பழைய காலண்டரிலேயே இருந்தது. அதற்குள் 1700 வந்து போய்விட்டது. பழைய கணக்கில் அது லீப் ஆண்டு, புதியதில் இல்லை. பத்து நாள் இடைவெளி பதினொன்றாகியது.

அந்தக் காலத்தில் சென்னை ஆங்கிலேயர் கையிலும் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலும் இருந்தன. ஒரே கடற்கரையில், ஒரே நாளில், இரு ஊர்களின் அலுவலகங்களிலும் பதினொரு நாள் வித்தியாசத்தில் தேதி எழுதினார்கள். 1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றிய நாள் ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. பழைய ஆவணங்களைப் படிப்பவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் ஒரே நிகழ்ச்சியை இரண்டாக எண்ணிவிடுவார்கள்.

1752-இல் பிரிட்டனும் அதன் ஆட்சிப் பகுதிகளும் செப்டம்பர் 2 புதனுக்கு மறுநாளை செப்டம்பர் 14 வியாழன் என்று மாற்றிக்கொண்டன. ஆங்கிலேயரின் சட்டப்படியான ஆண்டு அதுவரை மார்ச் 25-இல்தான் தொடங்கியது. அதை ஒதுக்கிவிட்டு ஜனவரி 1-லிருந்தே எண்ணுவோம். 1701 முதல் 1800 வரை புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலண்டரில் 36,524 நாட்கள். சென்னையின் ஆங்கிலக் காலண்டரில் அதே நூற்றாண்டுக்கு 36,513 நாட்கள்தான். ஒரு விதி மாறும்போது நூற்றாண்டு எவ்வளவு சுருங்கும் என்பதற்கு நம் ஊரிலேயே உள்ள கணக்கு இது.

லீப் நாளே இல்லாத காலண்டர்

நம் பஞ்சாங்கத்தில் லீப் நாள் என்று தனியாக ஒன்று கிடையாது. சூரியன் எப்போது ஒரு ராசிக்குள் நுழைகிறதோ அதை வைத்தே மாதம் பிறக்கிறது. அந்த நுழைவு சூரிய அஸ்தமனத்துக்கு முன்பாக இருந்தால் அன்றே மாதப் பிறப்பு. பிறகு என்றால் மறுநாள். வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டு 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை. இங்கே விநாடி என்பது நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு. கடிகாரக் கணக்கில் இந்த ஆண்டு 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 30 விநாடி. மிச்ச நேரம் சேர்ந்துகொண்டே வந்து, சில ஆண்டுகளில் தானாகவே 366 நாட்களாகிவிடுகிறது. இப்படி எண்ணினால் நூறு தமிழ் ஆண்டுகளுக்கு 36,525 அல்லது 36,526 நாட்கள், பெரும்பாலும் 36,526.

பொங்கல் ஏன் சில ஆண்டுகளில் ஜனவரி 14, சில ஆண்டுகளில் 15 என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. 2021, 2022-இல் ஜனவரி 14-இல் வந்தது. 2023, 2024-இல் 15-க்குப் போனது. ஒவ்வோர் ஆண்டும் தை பிறக்கும் நேரம் ஆறு மணிக்கு மேல் தள்ளிக்கொண்டே போகிறது. ஏதோ ஓர் ஆண்டில் அது அஸ்தமனத்தைத் தாண்டிவிடும்போது பண்டிகை மறுநாளுக்குப் போகிறது. பிறகு ஒரு பிப்ரவரி 29 வந்து அதைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடுகிறது.

ஆனால் முழுவதுமாக இழுப்பதில்லை. பருவங்களைப் பின்பற்றும் ஆண்டைவிட நம் பஞ்சாங்க ஆண்டு 23 நிமிடம் 45 விநாடி நீண்டது. அது நட்சத்திர மண்டலத்தை வைத்து அளக்கப்படும் ஆண்டு. நூறு ஆண்டுக்கு இந்த வேறுபாடு ஒன்றரை நாளுக்கு மேல் ஆகிவிடுகிறது. சுவாமி விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தி அன்று. ஆங்கிலத் தேதி 1863 ஜனவரி 12. இன்று அந்தப் பண்டிகை 14-லும் 15-லும் இருக்கிறது. இடையே 1900-இல் ஒரு லீப் நாள் விடுபட்டது. அப்போது சங்கராந்தி ஒரே தாவலில் ஒரு தேதி முன்னேறியது. மற்றது மெதுவான நகர்வு. 2100-இல் லீப் நாள் விடுபடும்போதும் இதே நடக்கும். அதன் பிறகு பிறக்கும் தலைமுறைக்குப் பொங்கல் ஜனவரி 16-ஐ ஒட்டிய பண்டிகையாக இருக்கும்.

2100 பிப்ரவரி

1904 முதல் 2096 வரை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை லீப் ஆண்டு தவறாமல் வருகிறது. அதனால்தான் இன்று உயிரோடு இருக்கும் எவருக்கும் விலக்கான ஆண்டை நேரில் கண்ட அனுபவம் இல்லை. பள்ளியில் முதல் விதியை மட்டும் கற்றவருக்கு இத்தனை காலமும் அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

இன்று தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் பலர் எண்பதுகளில் இருக்கும்போது 2100 வரும். அந்த ஆண்டு பிப்ரவரி 28 ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கட்கிழமை, மார்ச் 1. மாதச் சம்பளம், வட்டி, ஓய்வூதியம், விமானப் பயணச்சீட்டு என்று தேதியை வைத்து ஓடும் எந்த நிரல் அன்று திங்கட்கிழமைக்கு பிப்ரவரி 29 என்று பெயர் வைக்கிறதோ, அதை எழுதியவர் ஒரே விதியோடு நின்றவர். 2096 பிப்ரவரி 29-இல் பிறக்கும் குழந்தைக்கு, மொரார்ஜி தேசாய்க்கு நேர்ந்ததைப் போலவே, முதல் பிறந்தநாளுக்கு எட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டிவரும்.

ஐம்பது, அறுபது ஆண்டு முதிர்வுக்கான திட்டங்களும் நீண்டகாலக் கடன் பத்திரங்களும் இப்போதே அந்தத் தேதியை நெருங்கத் தொடங்கிவிட்டன. உங்கள் அலுவலகத்திலோ கடையிலோ தேதிக் கணக்கு போடும் மென்பொருள் இருந்தால், 2100 பிப்ரவரி 28-க்கு அடுத்த நாள் எது என்று இன்றே கேட்டுப் பாருங்கள். மார்ச் 1, திங்கட்கிழமை என்று சொன்னால் அந்த மென்பொருள் இந்த நூற்றாண்டுக்கு 36,524 நாட்கள்தான் என்பதை அறிந்திருக்கிறது.